ஊர்ப் பேச்சும் ஊர்ச் சாப்பாடும்: நண்பனை ஓட்டலாமா, எதுவரை?

ஹாஸ்டல், மேன்ஷன், ஆபீஸ் சாப்பாட்டு மேஜை என்று பல ஊர்க்காரர்கள் ஒன்றாகப் புழங்கும் இடங்களில் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைக் கொடுத்திருக்கிறோம். பெரும்பாலானவை கோவை, நெல்லை, குமரி, சென்னை, யாழ்ப்பாணம் என்று தமிழுக்குள்ளேயே நடக்கும் கிண்டலைப் பற்றியவை.

1. ஊர் பாஷையைக் கிண்டல் பண்றதே தப்பா? அப்ப ரூம்ல வாயையே திறக்கக் கூடாதா?

தாராளமாகத் திறக்கலாம். கோவையில் குசும்பு, மதுரையில் லந்து, சென்னையில் ஓட்டுறது, யாழ்ப்பாணத்தில் பகிடி என்று ஊருக்கு ஊர் இதற்குத் தனிப்பெயரே இருக்கிறது. நாலு ஊர்க்காரர்கள் ஒரே அறையில் இருந்தால் சொற்கள் முட்டிக்கொள்ளத்தான் செய்யும். கொடியில் காய்வதை ஒருவர் கைலி என்பார், இன்னொருவர் சாரம் என்பார். 'ஒறம்பரை வந்திருக்காங்க' என்று கொங்கு நாட்டு நண்பர் போனில் சொன்னால், வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். தஞ்சாவூர்க்காரருக்கு அது ஏதோ சமையல் பொருள் மாதிரிக் கேட்கும். அந்த இடத்தில் வரும் சிரிப்பில் ஒரு குறையும் இல்லை.

அந்தச் சிரிப்பில் இரண்டு பேரும் எதிரெதிரே இருக்கிறார்கள். ஒருவர் சொன்னார், மற்றவர் தப்பாகப் புரிந்துகொண்டார். நண்பர் மறைந்து அவருடைய ஊர் மட்டும் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும்போதுதான் சிக்கல்.

2. கிண்டல் எங்க முடியுது, முத்திரை குத்துறது எங்க ஆரம்பிக்குது? எனக்குப் புரியுற மாதிரி ஒரு உதாரணம் சொல்லுங்க.

'பொழுதோட வர்றேன்' என்று கோவை நண்பர் சொல்கிறார். கொங்குப் பேச்சில் அதற்கு 'சாயங்காலம் வர்றேன்' என்று பொருள். சென்னை நண்பருக்கு அது தெரியாது. சீக்கிரமே வருவார் என்று நினைத்து, காலைக் காட்சிக்கு இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டுத் தியேட்டர் வாசலில் நிற்கிறார். இவர் ஆறு மணிக்குக் குளித்துவிட்டு வந்து சேர்கிறார்.

இப்போது சென்னை நண்பர் இரண்டு விதமாகப் பேசலாம். 'பொழுதோட வர்றேன்னு சொல்லி என் பொழுதையே முடிச்சிட்டியேடா' என்பது ஒன்று. 'கோயமுத்தூர்க்காரங்களே இப்படித்தான், மரியாதையாப் பேசியே கழுத்தறுப்பீங்க' என்பது இன்னொன்று. முதலாவது அன்று நடந்த ஒன்றைப் பற்றியது. கோவைக்காரர் உடனே திருப்பிக் கொடுக்கலாம்: 'பொழுது எதுன்னு தெரியாதவனுக்கு எதுக்குடா வாட்ச்சு?' ஆட்டம் சமமாக முடியும். இரண்டாவதற்கு அவர் என்ன பதில் சொல்வார்? ஒரு மண்டலத்து மக்கள் எல்லோருக்கும் சேர்த்து வக்காலத்து வாங்க வேண்டும். இல்லையென்றால் சிரித்து மழுப்ப வேண்டும்.

ஆகவே பேசுவதற்கு முன் ஒன்றை மட்டும் பாருங்கள். நண்பர் தன் சொந்த வாயால், தனக்காக மட்டும் பதில் சொல்ல அதில் இடம் இருக்கிறதா? இருந்தால் அது கிண்டல். இல்லையென்றால் முத்திரை. இன்னொரு அடையாளமும் உண்டு. அந்த ஊரில் பிறந்த, நீங்கள் பார்த்தே இராத ஒருவருக்கும் அதே வரியை அப்படியே தூக்கிப் போட முடியுமென்றால், அதில் உங்கள் நண்பர் இல்லவே இல்லை.

3. அவன் ஸ்லாங்லயே பேசிக் காட்டினா மூஞ்சிய சுருக்குறான். படத்துலயும் அப்படித்தானே பேசுறாங்க?

படத்தில் கேட்டதைத் திருப்பிச் சொல்வதால்தான் சுருங்குகிறது. 'ஏலே' என்று நீட்டி, மீசையை முறுக்குவது போல் கையை வைத்துக்கொண்டு பேசினால், அது திருநெல்வேலிப் பேச்சே இல்லை. அங்கே இயல்பாக வருவது குட்டையான 'ல'. 'வால', 'போல', 'என்னல' என்று வினையோடும் கேள்வியோடும் ஒட்டிக்கொள்ளும். பெண்களை விளிக்க 'ஏளா', 'ஏட்டி'. கொஞ்சம் மரியாதை வேண்டுமென்றால் 'நீரு', 'வாரும்', 'என்னவே'. இத்தனை படிகள் உள்ள பேச்சை ஒரே ஒரு 'ஏலே'வில் அடக்கி, கையில் அருவாளையும் கொடுத்துவிட்டால், நண்பருக்கு அதில் தன் வீட்டுக் குரல் கேட்காது. தன் ஊரைப் பற்றி வெளியூர்க்காரர்கள் வைத்திருக்கும் படம்தான் தெரியும்.

கொங்குப் பேச்சிலும் இதே கதைதான். எல்லாச் சொல்லுக்கும் வாலில் 'ங்க' ஒட்டிவிட்டால் கோவைத் தமிழ் என்று நினைக்கிறார்கள். 'ஏனுங்க', 'இல்லீங்க', 'சரீங்க' என்று விளிக்கும் இடத்திலும் பதில் சொல்லும் இடத்திலும் அது வரும். சேர்ந்து வளர்ந்த நண்பர்களுக்குள் அவர்களும் 'வாடா, போடா'தான். அறை நண்பரிடம் 'சோறு தின்னீங்களாங்கோ' என்று நீங்கள் இழுக்கும்போது, அவர் வாயில் என்றுமே வராத ஒன்றை அவர் தலையில் கட்டுகிறீர்கள்.

பேசிக் காட்டத்தான் வேண்டுமென்றால் அவரிடமே கற்றுக்கொள்ளுங்கள். அவர் நேற்று சொன்ன ஒரே ஒரு சொல்லை எடுத்து, எந்த இடத்தில் வரும், யாரிடம் வராது என்று கேட்டுவிட்டு, சரியான இடத்தில் போடுங்கள். தப்பாகப் போட்டால் அவர் உங்களைப் பார்த்துச் சிரிப்பார். அப்போது சிரிப்பின் திசை மாறிவிடுகிறது. அதுதான் வேண்டியது.

4. நாகர்கோவில் பையன் ஒருத்தன் எங்க ரூம்ல இருக்கான். 'சேட்டா'ன்னு கூப்பிட்டா கோவிச்சுக்கிறான். மலையாளம் கலந்துதானே பேசுறான், இதுல என்ன இருக்கு?

நிறைய இருக்கிறது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது, அதன் பின் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்களில் இருந்த தமிழர்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். நேசமணி அந்தப் போராட்டத்தின் முகமாக இருந்தவர். 1954 ஆகஸ்ட் 11 அன்று போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் போராடியவர்கள் உயிரிழந்தார்கள். 1956 நவம்பர் 1 அன்றுதான் அந்த நான்கு தாலுகாக்களும் தமிழ்நாட்டுக்கு வந்தன. 'நாங்க தமிழர்' என்று சொல்லி உயிரைக் கொடுத்த ஊரிலிருந்து வந்தவரிடம், விளையாட்டாகக்கூட 'நீ தமிழனே இல்ல' என்றால் அது வேறு இடத்தில் போய்த் தைக்கிறது. அவருக்கு இந்தத் தேதிகள் தெரியாமல் இருக்கலாம். தாத்தா பாட்டி பேச்சின் வழியே அந்த உணர்வு வந்திருக்கும்.

பேச்சு கலந்திருப்பது உண்மைதான். நன்றாக இருக்கிறது என்பதற்குக் 'கொள்ளாம்' என்பார்கள், 'மக்கா' என்று கூப்பிடுவார்கள். 'கொள்ளாம்' என்ற சொல்லை வைத்து விளையாட நிறைய இடம் உண்டு. உங்கள் சமையலுக்கு அவர் அதைச் சொன்னால், 'கொள்ளலேன்னா மிச்சம் வை' என்று சொல்லுங்கள், அவரே சிரிப்பார். அவர் எந்த மொழிக்காரர் என்ற முடிவை மட்டும் நீங்கள் எடுக்காதீர்கள்.

5. சாப்பாட்டு விஷயத்துல என்ன பிரச்னை வரப்போகுது? 'கிழங்கு பார்ட்டி'ன்னு சொல்றது கூடத் தப்பா?

அதே குமரி நண்பரையே வைத்துப் பார்ப்போம். 'கிழங்கு பார்ட்டி' என்பதற்குள், சோறு கிடைக்காதவர்கள் மரவள்ளிக் கிழங்கைத் தின்று வளர்ந்தார்கள் என்ற ஏளனம் ஒளிந்திருக்கிறது. அதில் பாதி வரலாறும் இருக்கிறது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் இந்தக் கிழங்கைப் பயிரிட ஊக்கம் கொடுத்தார். இரண்டாம் உலகப் போரில் பர்மா ஜப்பான் கையில் விழுந்து அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோனபோது, திருவிதாங்கூரில் ஏழை வீடுகளின் வயிற்றை நிரப்பியது இதுதான். ஆகவே கிழங்கைச் சொல்லி இளக்காரம் செய்யும்போது, வறுமையைச் சொல்லி இளக்காரம் செய்வதாகவே அது போய்ச் சேரும்.

கிண்டல் செய்கிறவர் ஈரோடு, சேலம் பக்கத்துக்காரர் என்றால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குமரியில் மரச்சீனி, அவர் ஊரில் குச்சிக்கிழங்கு, மற்ற இடங்களில் மரவள்ளி, எல்லாமே ஒரே கிழங்கு. சேலம் வட்டாரத்து ஆலைகளில் ஜவ்வரிசியாக மாறுவதும் அதேதான். அவர் பாயசத்தில் ஜவ்வரிசியாகவும் டீக்கடையில் சிப்ஸாகவும் தின்பதை நண்பர் அவித்து, மீன்குழம்போடு தின்கிறார். இது தெரிந்த பிறகு வரும் கிண்டல் வேறு மாதிரி இருக்கும்: 'நீ அவிச்சுத் தின்ற, நான் பாயாசத்துல ஒளிச்சு வெச்சுத் தின்றேன், அவ்ளோதான்.'

சமையலையே கிண்டல் செய்ய வேண்டுமென்றால் செய்முறையைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள். தோலை உரித்து, நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கட்டாயம் வடித்துக் கொட்ட வேண்டும். கசப்பும் நஞ்சும் அதோடு போகும். பிறகு தேங்காய், சீரகம், பூண்டு, பச்சைமிளகாய், மஞ்சளை ஒன்றிரண்டாக அரைத்துப் போட்டு மசிப்பார்கள். நண்பர் போன் பேசிக்கொண்டே வடிக்க மறந்து, கிழங்கு குழைந்து கூழாகிப் போனால், 'தோசை ஊத்த மாவு ரெடி' என்று தாராளமாக ஓட்டலாம். குழைந்தது அவர் கை. கிழங்கின் மேலோ ஊரின் மேலோ பழி இல்லை.

6. மெட்ராஸ் பாஷையைக் கிண்டல் பண்ணினா யாருக்கும் வலிக்காது, அவங்களே ஜாலியா எடுத்துப்பாங்க, சரிதானே?

தென்மாவட்டத்திலிருந்து சென்னைக்கு வேலைக்கு வருபவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. 'இன்னாப்பா', 'இஸ்துகினு வா', 'குந்து' என்ற பேச்சு சென்னை முழுவதும் ஒரே மாதிரி இல்லை. வடசென்னையிலும் உழைக்கும் மக்கள் வாழும் பகுதிகளிலும்தான் அது அடர்த்தி. அதைப் பேசுபவர்களுக்குத் திரையில் பல காலமாகக் கிடைத்துவந்த வேடம் ரவுடி, திருடன், குடிகாரன். 'லோக்கல்' என்ற ஒற்றைச் சொல்லில் ஏழை, படிக்காதவர், குறிப்பிட்ட சாதி என்று மூன்றும் சேர்ந்தே ஏறிக்கொள்கின்றன. நண்பர் வியாசர்பாடியிலிருந்து வந்து இன்ஜினீயராக வேலை பார்ப்பவராக இருந்தால், ஆபீசில் அந்தப் பேச்சை மறைத்து வைக்கவே பாடுபட்டுக்கொண்டிருக்கலாம். அவர் வாய் தவறி 'அப்பால பேசுறேன்' என்று சொன்னதை மீட்டிங்கில் எடுத்துக் காட்டுவது கிண்டலில் சேராது.

அந்தச் சொற்களைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். 'அப்பால்' இலக்கியத்தில் உள்ள நல்ல தமிழ். 'நாஸ்தா', 'பேஜார்' உருது வழி வந்தவை. 'கஸ்மாலம்' வடமொழியில் அழுக்கைக் குறிக்கும் சொல். 'இஸ்து' என்பது 'இழுத்து'தான். ழகரத்தை மதுரைப் பக்கம் ளகரமாக்கி 'வாளப்பளம்' என்கிறார்கள், வட தமிழகத்தில் யகரமாக்கி 'வாயப்பயம்' என்கிறார்கள். இரண்டு பேருமே ழகரத்தை விட்டவர்கள்தான். அதில் ஒருவர் மற்றவரைப் பார்த்து 'உனக்குத் தமிழே வராது' என்று சொல்ல வழியில்லை. ஆளுக்கொரு தடவை 'கிழவி ஏழு வாழைப்பழம் வாங்கினாள்' என்று வேகமாகச் சொல்லிப் பார்த்து, இரண்டு பேரும் சேர்ந்து தோற்கலாம்.

7. எங்க கேங்ல ஒருத்தனுக்கு 'தயிர்சாதம்'னு பட்டப்பேரு. அவனும் திரும்பிப் பார்க்கிறான். இதெல்லாம் சும்மா ஜாலிதானே?

தயிர்சாதம் தமிழ்நாட்டில் எல்லா வீட்டிலும் உண்டு. மதிய டப்பாவில் அதைக் கொண்டுவரும் பத்துப் பேரில் ஒருவருக்கு மட்டும் அந்தப் பெயர் வந்ததென்றால், அது சோற்றினால் வந்த பெயர் இல்லை. சாதியினால் வந்தது. 'ஆத்துல', 'வந்தேளா' என்று அவர் வீட்டில் பேசுவதைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவதும் அப்படித்தான். அது ஒரு வட்டாரத்தின் பேச்சு இல்லை, ஒரு சாதியின் வீட்டுப் பேச்சு. தமிழில் ஒரே ஊருக்குள் தெருவுக்குத் தெரு பேச்சு மாறும். ஊர்ப்பேச்சைக் கிண்டல் செய்வதாக நினைத்துக்கொண்டு சாதியைத் தொட்டுவிடுவது இதனால்தான் இவ்வளவு எளிதாக நடக்கிறது.

மறுபக்கத்தில் இது இன்னும் கடுமை. மாட்டுக்கறி, பன்றிக்கறி சாப்பிடுகிறவரை அதைச் சொல்லிச் சீண்டுவது, 'நீ வெஜ்ஜா நான்வெஜ்ஜா' என்று எல்லோர் முன்னாலும் துருவுவது, டப்பாவைத் திறக்கும்போது 'இன்னைக்கு என்ன ஜந்து' என்று கேட்பது, எல்லாம் தலைமுறை தலைமுறையாகத் தள்ளி வைக்கப்பட்டதன் தொடர்ச்சியாகவே அவருக்குக் கேட்கும். 'தயிர்சாதம்' என்று கூப்பிடப்படுபவருக்கும் இவருக்கும் படும் காயம் ஒரே அளவு இல்லை. சொல்பவர் செய்யும் தப்பு ஒரே வகை. சாதியைக் காட்டிக்கொடுக்கும் சாப்பாட்டைக் கிண்டலுக்கு எடுக்காதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் 'அளவோடு செய்யலாம்' என்று சொல்ல எங்களால் முடியாது.

8. அப்ப கருவாட்டு வாசனை தாங்க முடியலன்னாகூடச் சொல்லக் கூடாதா? மூக்கு எனக்கும் இருக்கு.

சொல்லலாம், ஆனால் கிண்டலாகச் சொல்லாதீர்கள். வேண்டுகோளாகச் சொல்லுங்கள். ஏசி அறையில் ஒரே மேஜையில் சாப்பிடும்போது, 'சாப்பிட்டதும் டப்பாவை மூடிடேன், எனக்கு அந்த வாசனை ஒத்துக்கல' என்று அவரிடம் மட்டும் சொன்னால் விஷயம் அதோடு முடிந்துவிடும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மேஜையே பார்க்கும்படி 'யார்றா இது' என்றால், அவர் அடுத்த நாளிலிருந்து தனியாகப் போய்ச் சாப்பிடுவார். ஒரு மாதம் கழித்து டப்பாவில் லெமன் சாதம் மட்டும்தான் வரும்.

நீங்கள் நியாயமாக இருக்கிறீர்களா என்று பார்க்க ஒரு வழி உண்டு. முள்ளங்கி சாம்பார், முட்டைப் பொரியல், மைக்ரோவேவில் சூடாக்கிய முட்டைக்கோஸ், இவையும் அறையை நிரப்பும். அவற்றுக்கும் இதே வேண்டுகோளை வைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் தொந்தரவு மூக்கில் இல்லை.

9. அவனே அவன் ஊரை அந்தக் கிழி கிழிக்கிறான். நான் சொன்னா மட்டும் தப்பா?

அவர் தன் ஊரைக் கிண்டல் செய்யும்போது உள்ளிருந்து செய்கிறார். எந்த மாமா, எந்தத் தெரு என்று அவருக்குத் தெரியும். ஒன்றைத் திட்டிவிட்டு அடுத்த நிமிடமே வேறொன்றைத் தூக்கி வைத்துப் பேசுவார். அந்த மிச்சப் பாதி உங்களிடம் இல்லை. 'சவத்து மூதி' என்று நெல்லைக்காரர் தன் தம்பியைத் திட்டுவதில் பாசம் கலந்திருக்கும். நீங்கள் சொன்னால் வசவு மட்டும்தான் மிஞ்சும்.

அவர் ஆரம்பித்த நகைச்சுவையில் நீங்கள் சேர்ந்து சிரிக்கலாம். அவர் நின்ற இடத்திலிருந்து ஒரு அடி தாண்டிப் போகாதீர்கள். அவர் தன் ஊர்ப் பஸ் ஸ்டாண்டைத் திட்டினால் நீங்களும் பஸ் ஸ்டாண்டோடு நில்லுங்கள், ஊர்க்காரர்களுக்குத் தாவ வேண்டாம்.

10. யாழ்ப்பாணத்து ஃப்ரெண்ட் பேசுறது அவ்ளோ அழகா இருக்கும். 'இன்னொரு தடவ பேசிக் காட்டேன்'னு கேட்டா சங்கடப்படுறான். நான் பாராட்டத்தானே செய்றேன்?

பாராட்டும் முத்திரையாகலாம். 'தேன் மாதிரி இருக்கு, ஏதாவது பேசு' என்று கேட்கும்போது, அவர் என்ன சொல்ல வந்தார் என்பது போய், அவர் எப்படி ஒலிக்கிறார் என்பது மட்டும் நிற்கிறது. அவர் வீட்டு வாடகையைப் பற்றிக் கவலையோடு பேசும்போதும் நீங்கள் 'கதைக்கிறன்', 'எப்பன் பொறு' என்ற சொற்களை ரசித்துக்கொண்டிருந்தால், அவர் உங்களிடம் எதையும் சொல்ல மாட்டார்.

கேட்டவுடன் பேசிக் காட்டச் சொல்வதில் இன்னொரு கனமும் இருக்கிறது. 1983 ஜூலையில் இலங்கையில் தமிழர்களைத் தாக்கிய கும்பல்கள், ஆட்களை மறித்துச் சிங்களச் சொற்களைச் சொல்லச் சொல்லி, உச்சரிப்பை வைத்துத் தமிழரா என்று பார்த்தன. வாளியைக் குறிக்கும் 'பால்திய' என்ற சொல் அப்படிப் பயன்பட்டது. 'இந்தச் சொல்லைச் சொல்லு, கேட்போம்' என்பது அப்படிப்பட்ட நினைவுள்ள ஒரு குடும்பத்தில் எப்படி ஒலிக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

விளையாட வேண்டுமென்றால் எழுத்தில் நல்ல இடம் இருக்கிறது. நாம் டொராண்டோ என்று எழுதுவதை அவர்கள் ரொறன்ரோ என்று எழுதுவார்கள், டிவி அங்கே ரீவி. பார்த்தவுடன் தமிழ்நாட்டுக்காரருக்குச் சிரிப்பு வரும். காரணத்தைக் கேட்டால் சிரிப்பு ஆச்சரியமாக மாறும். யாழ்ப்பாணப் பேச்சில் 'ற்ற' என்ற ஒலி, நாக்கு நுனி மேல்பல் ஈறைத் தொடும் பழைய உச்சரிப்போடு இன்னும் இருக்கிறது. ஆங்கில 'டி'யும் அதே இடத்தில்தான் பிறக்கிறது. அதனால் அவர்கள் அதற்கு ரகர, றகர எழுத்துகளைப் போடுகிறார்கள். நம்முடைய 'ட'வுக்கு நாக்கு இன்னும் பின்னால் மடிய வேண்டும். கனடா ஊரின் பெயரை யார் கிட்டத்தில் எழுதுகிறார்கள் என்று இரண்டு பேரும் ஒரு மணி நேரம் சண்டை போடலாம். அது நல்ல பகிடி.

11. அவன் சிரிக்கத்தான் செய்றான். உள்ளுக்குள்ள வலிக்குதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

சிரிப்பை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, அடுத்து என்ன செய்கிறார் என்பதை வைத்து முடியும். திருப்பிக் கொடுக்கிறாரா என்று பாருங்கள். இரண்டு வாரமாக நீங்கள் மட்டுமே அடித்துக்கொண்டிருந்தால் அது ஒருவழிப் பாதை. பிறகு பேச்சைக் கவனியுங்கள். அம்மாவிடம் போனில் ஒரு தமிழும், நீங்கள் உள்ளே வந்ததும் வேறொரு தமிழும் வந்தால், போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனால், உங்கள் கிண்டல் அவருக்குக் காவல் ஆகிவிட்டது என்று பொருள். எட்டாவது கேள்வியில் சொன்ன டப்பா மாற்றமும் இதே அறிகுறிதான்.

சந்தேகமாக இருந்தால் எல்லோர் முன்னாலும் 'டேய், ஃபீல் பண்றியா' என்று கேட்காதீர்கள். அங்கே 'இல்லடா' என்றுதான் பதில் வரும். டீ குடிக்கப் போகும்போது தனியாகக் கேளுங்கள். கேட்பதற்கு முன்பே நாலு நாள் நிறுத்திப் பார்ப்பது இன்னும் நல்லது. அவரே அந்த விளையாட்டைத் திரும்ப ஆரம்பித்தால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

12. ஓவராப் பேசிட்டேன். இப்ப என்ன சொல்லிச் சரி பண்றது?

சொன்னதை அப்படியே பெயர் சொல்லி எடுத்து, சுருக்கமாக மன்னிப்புக் கேளுங்கள். 'நேத்து மெஸ்ஸுல உன்ன கிழங்கு பார்ட்டின்னு சொன்னேன், தப்பு. இனிமே சொல்ல மாட்டேன்.' அவ்வளவு போதும். 'உனக்கு வலிச்சிருந்தா ஸாரி' என்பது பழியை அவர் மனசின் மேல் தள்ளிவிடும். 'நான் யாரையும் வித்தியாசமாப் பார்க்க மாட்டேன், என் சித்தப்பாவே அந்த ஊர்ல பொண்ணு எடுத்தவரு' என்று நீட்டினால், அவர் உங்களைச் சமாதானப்படுத்த வேண்டியதாகிவிடும்.

நாலு பேர் முன்னால் சொல்லியிருந்தால் அந்த நாலு பேரிடமும் நீங்களே நிறுத்த வேண்டும். அடுத்த முறை யாராவது அந்தப் பட்டப்பெயரைச் சொல்லும்போது, 'அது நான் ஆரம்பிச்சது, விட்டுருங்கடா' என்று ஒரு வரி சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் தனியாகக் கேட்ட மன்னிப்பு அரைகுறைதான்.

13. ஹாஸ்டல்ல ஜூனியர்ஸ்கிட்ட 'உங்க ஊர் பாஷைல ஒரு பாட்டுப் பாடு'ன்னு சொல்றதெல்லாம் வழக்கம்தானே?

நண்பர்களுக்குள் உள்ள கிண்டலோடு இதைச் சேர்க்க முடியாது, ஏனென்றால் ஜூனியர் மறுக்க முடியாது. இரண்டாவது பதிலில் சொன்ன திருப்பிக் கொடுக்கும் உரிமை அங்கே இல்லை. தமிழ்நாட்டில் ராகிங்கைத் தடைசெய்யும் சட்டம் 1997 முதல் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு தன் ராகிங் தடுப்பு விதிகளை 2016-இல் திருத்தி, ஒருவரின் சாதி, மதம், நிறம் ஆகியவற்றோடு வட்டாரப் பின்னணி, மொழி அடையாளம், பிறந்த இடம் ஆகியவற்றை வைத்துச் செய்யும் கொடுமையையும் ராகிங் என்றே சேர்த்தது. ஊர்ப்பேச்சைச் சொல்லி ஜூனியரை அழவைத்துவிட்டு 'சும்மா தமாஷ்' என்று சொல்ல விதியில் இடமில்லை. பாதிக்கப்பட்டவர்கள் 1800-180-5522 என்ற எண்ணில் புகார் சொல்லலாம்.

14. ஆபீஸ்ல ஹிந்தி பேசுற பசங்களை 'வடக்கன்'னு சொல்றோம். அவங்களும் நம்மள 'மதராசி', 'இட்லி சாம்பார்'ங்கிறாங்க. கணக்கு நேராயிடுச்சே?

நேராகவில்லை, இரண்டு பக்கமும் தப்பு கூடியிருக்கிறது. பீகாரும் ராஜஸ்தானும் ஒரே ஊராக அதில் சுருங்கிவிடுகின்றன, ஐந்து தென் மாநிலங்கள் ஒரே தட்டு இட்லியாகச் சுருங்குவதைப் போலவே. பாட்னாக்காரர் லிட்டி சோக்கா கொண்டுவந்தால், கத்தரிக்காய் சுட்டு மசித்ததில் உப்பு தூக்கலா என்று சண்டை போடுங்கள். அது அவரோடு போடும் சண்டை.

15. நெல்லை ஃப்ரெண்டோட அக்கா கல்யாணத்துக்கு ஊருக்குப் போறோம். ரூம்ல பேசுற மாதிரி அங்கயும் 'என்னல'ன்னு பேசி அசத்தலாமா?

நண்பரிடமும் அவருடைய வயது ஒத்த பையன்களிடமும் பேசலாம். அவருடைய அப்பா, மாமா, பந்தியில் பரிமாறும் பெரியவர்கள் யாரிடமும் அந்த 'ல' வரவே கூடாது. வெளியூர்க்காரர் அறியாமல் சொன்னார் என்று விட்டுவிடுவார்கள், ஆனால் நண்பருக்குத் தலைகுனிவாகிவிடும். அக்காவின் தோழிகளை 'ஏட்டி' என்று கூப்பிடும் உரிமையும் உங்களுக்குக் கிடையாது.

பெரியவர்களிடம் உங்கள் ஊர்த் தமிழிலேயே 'வாங்க, போங்க' என்று பேசுங்கள். அவர்கள் உங்கள் பேச்சைப் பிடித்துக்கொண்டு நிச்சயம் ஓட்டுவார்கள். மறுவீட்டுப் பந்தியில் சொதி வரும். தேங்காய்ப்பாலில் கொதிக்கும் அந்தக் குழம்பைப் பார்த்து 'இது என்ன, வெள்ளைக் குருமாவா' என்று நீங்கள் கேட்டுவிட்டால், அந்த ஒரு சொல்லை வைத்தே ஊர் திரும்பும்வரை உங்களை விட மாட்டார்கள். அதற்கு இஞ்சிப் பச்சடி தொட்டுச் சாப்பிடுங்கள்.